மரக்கால் மாறினால் நெல் பெருகாது

கடந்த ஆண்டு ஜூலை மாதத்தில் என் முன்னாள் மாணவி ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். அரசுப் பள்ளி மாணவர்களுக்காகக் கணிதப் பாடங்களைக் காணொலியாக வெளியிடும் சிறிய அறக்கட்டளை ஒன்றில் அவர் பணியாற்றுகிறார். வாரந்தோறும் நாற்பது நிமிடப் பாடம் ஒன்றைப் பதிவு செய்ய இரண்டு பகுதிநேர ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாடங்களுக்கு ஆள் சேர்ப்பதற்காக, ஒரு நிமிடத்துக்கும் குறைவான கணிதப் புதிர்களை யூடியூப் ஷார்ட்ஸ் பகுதியிலும் அறக்கட்டளை வெளியிடுகிறது.

அவர் கையில் அரையாண்டு அறிக்கை ஒன்று இருந்தது. அதில் குறுங்காணொலிகளின் மாதாந்திரப் பார்வை எண்ணிக்கை வரைபடமாகத் தரப்பட்டிருந்தது. கணக்கைப் பின்தொடர எளிதாக இருக்கும் என்பதால், எண்களை முழுமையாக்கித் தருகிறேன். ஜனவரியில் 2,00,000; பிப்ரவரியில் 2,04,000; மார்ச்சில் 2,06,000. அதன்பின் ஏப்ரலில் 2,94,000, மே மாதத்தில் 3,01,000, ஜூனில் 3,10,000. மார்ச்சுக்கும் ஜூனுக்கும் இடையே 50 விழுக்காடு வளர்ச்சி. நீண்ட பாடங்களின் எண்ணிக்கையோ இருந்த இடத்திலேயே இருந்தது.

அறங்காவலர்கள் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். மக்கள் குறுங்காணொலிகளையே விரும்புகிறார்கள்; ஆகவே வாரப் பாடத்தை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தையும் புதிர்களுக்கே செலவிடலாம் என்பது அவர்களது கருத்து. இரண்டு ஆசிரியர்களின் வேலையும், அந்தப் பாடங்களை நம்பியிருக்கும் பிள்ளைகளின் படிப்பும் அந்த ஒரு வரைபடத்தில் தொங்கிக் கொண்டிருந்தன. "வளர்ச்சிதானே சார், இதில் நான் எப்படி மறுத்துப் பேசுவது?" என்று அவர் கேட்டார்.

நான் அந்தக் கோட்டைத்தான் பார்த்துக் கொண்டிருந்தேன். மூன்று மாதங்கள் மெல்ல ஏறிய கோடு, ஓர் இடத்தில் படிக்கட்டைப் போலத் தூக்கி வைக்கப்பட்டு, பிறகு மீண்டும் மெல்ல ஏறுகிறது. புள்ளிவிவரங்களோடு நாற்பது ஆண்டுகள் பழகிய எவருக்கும் இத்தகைய படி ஐயத்தைத் தரும். மக்களின் பழக்கம் சரிவாக மாறும். படிக்கட்டாக மாறுவது அரிது. படிக்கட்டு தென்பட்டால், அளக்கப்பட்ட பொருள் மாறியதா, அளந்த கோல் மாறியதா என்று முதலில் கேட்க வேண்டும்.

இங்கே மாறியது கோல்தான். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் காணொலிகளின் பார்வையை எண்ணும் முறையை யூடியூப் மாற்றியது. அதற்கு முன், ஒரு குறுங்காணொலி சில நொடிகளாவது ஓடினால்தான் அது ஒரு பார்வையாகக் கணக்கில் ஏறும். அந்த நாள் முதல், காணொலி ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை. முடிந்து மீண்டும் ஓடத் தொடங்கினால் இன்னொரு பார்வை. குறைந்தபட்சம் இவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. விரலால் தள்ளிவிட்டுப் போகிறவரும் இப்போது பார்வையாளரே.

இதில் மோசடி எதுவும் இல்லை. மாற்றத்தை நிறுவனம் முன்கூட்டியே அறிவித்தது. டிக்டாக், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் போன்ற பிற தளங்களின் எண்ணும் முறையோடு இது ஒத்துப்போகிறது. பழைய முறையிலான எண்ணிக்கையையும் நிறுவனம் கைவிடவில்லை. பகுப்பாய்வுப் பக்கத்தின் விரிவான பார்வையில் Engaged views என்ற பெயரில் அது தொடர்ந்து கிடைக்கிறது. 'ஈடுபாட்டுப் பார்வை' என்று அதைத் தமிழில் சொல்லலாம். விளம்பர வருவாய்ப் பங்கும், வருவாய்த் திட்டத்தில் சேர்வதற்கான தகுதியும் இன்றும் இந்த ஈடுபாட்டுப் பார்வையைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன. காசு கொடுக்கும் இடத்தில் நிறுவனம் பழைய மரக்காலையே வைத்திருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

மரக்கால் என்றேன். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் மரக்காலின் கொள்ளளவு வேறுபடும். பெரிய மரக்காலால் அளந்து நூறு என்று எழுதிய களத்து நெல்லை, மறுநாள் சிறிய மரக்காலால் அளந்தால் நூற்று நாற்பது என்று வரும். இரண்டு எண்களும் சரியானவை, எண்ணியவர் நேர்மையானவர், நெல்லும் அதேதான். தவறு எங்கே நேர்கிறது? இரண்டு நாள் கணக்கையும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து எழுதி, "நாற்பது மரக்கால் கூடுதல் விளைச்சல்" என்று படிக்கும்போது நேர்கிறது. 'பார்வை' என்ற சொல் மாறாததால், அதன் பொருள் மாறியது கண்ணில் படுவதில்லை. தளங்கள் அளவீட்டின் வரையறையை மாற்றும்போது பெரும்பாலும் பெயரை அப்படியே வைத்துக் கொள்கின்றன. அதனால்தான் இந்தப் பிழை இவ்வளவு எளிதாக நுழைகிறது.

அவரிடம் ஈடுபாட்டுப் பார்வை எண்ணிக்கையை எடுத்துத் தரச் சொன்னேன். ஏப்ரலில் 2,10,000, மே மாதத்தில் 2,05,000, ஜூனில் 2,00,000. இவை பழைய வரையறையின்படி எண்ணப்பட்டவை என்பதால், மார்ச் மாதத்தின் 2,06,000 என்ற எண்ணோடு நேரடியாக ஒப்பிடக் கூடியவை. மார்ச் 31 என்ற ஒரே நாள் மட்டும் புதிய முறையில் விழுகிறது. மாத மொத்தத்தில் அது பெரிய வேறுபாட்டைத் தராது. இப்போது மார்ச்சுக்கும் ஜூனுக்கும் இடையிலான மாற்றம் என்ன? ஏறத்தாழ 3 விழுக்காடு வீழ்ச்சி. 50 விழுக்காடு வளர்ச்சி என்று எழுதப்பட்ட இடத்தில் உண்மையில் இருந்தது சிறிய இறக்கம்.

இன்னொன்றும் தெரிந்தது. அறிக்கையின் அடுத்த பக்கத்தில், நூறு பார்வைக்கு எத்தனை பேர் விருப்பம் தெரிவித்தார்கள் என்ற விகிதம் இருந்தது. மார்ச்சில் அது 4; ஜூனில் 2.6. "பிள்ளைகளின் ஆர்வம் குறைகிறது, புதிர்களை இன்னும் கவர்ச்சியாக்க வேண்டும்" என்று அதன் கீழே ஒரு குறிப்பும் எழுதப்பட்டிருந்தது. ஆனால் விருப்பங்களின் எண்ணிக்கை மார்ச்சில் 8,240, ஜூனில் 8,000. ஈடுபாட்டுப் பார்வையால் வகுத்தால் இரண்டு மாதங்களிலும் விகிதம் சரியாக 4தான். வகுக்கும் எண் பெருத்துவிட்டதால் ஈவு சிறுத்துவிட்டது; வேறொன்றும் நடக்கவில்லை. ஒரு வரையறை மாற்றம் ஒரு பக்கத்தில் இல்லாத வளர்ச்சியையும், மறுபக்கத்தில் இல்லாத வீழ்ச்சியையும் ஒரே நேரத்தில் உண்டாக்கியிருந்தது. அந்த அளவீட்டைப் பகுதியாகவோ தொகுதியாகவோ கொண்ட எல்லா விகிதங்களும் அதனுடன் சேர்ந்து முறியும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இத்தகைய முறிவை, அறிவிப்பு கண்ணில் படாவிட்டாலும், எப்படிக் கண்டுபிடிப்பது? மாதக் கணக்கை விட்டு நாள் கணக்குக்கு இறங்க வேண்டும். மக்களின் வரவேற்பால் உயர்வு வந்திருந்தால், அது பெரும்பாலும் ஒரு காணொலியில் தொடங்கும். சில நாள்களில் ஏறி, பிறகு தணியும். அதனோடு விருப்பங்களும் கருத்துகளும் புதிய சந்தாதாரர்களும் ஓரளவு கூடுவார்கள். வரையறை மாற்றத்தால் வந்த உயர்வு ஒரே நாளில் நிகழும். பழைய காணொலி, புதிய காணொலி என்ற வேறுபாடின்றி எல்லாக் குறுங்காணொலிகளிலும் தெரியும். நீண்ட காணொலிகளைத் தொடாது. விருப்பம், கருத்து, சந்தா ஆகியவை அசையாமல் இருக்கும். மாணவியின் கணக்கில் மார்ச் 30 வரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 6,600 என்றிருந்த எண், மறுநாளே 9,000-ஐத் தாண்டியிருந்தது. சந்தாதாரர்களின் வரவில் எந்த மாற்றமும் இல்லை. அளவீடு ஒன்று துள்ளும்போது, அதோடு துள்ள வேண்டிய மற்றவை துள்ளினவா என்று பார்ப்பதே சோதனை.

பொருளாதாரம் படித்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. இந்தியாவின் வறுமைக் கணக்கே இதே கிணற்றில் ஒருமுறை விழுந்து எழுந்தது. தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு, குடும்பங்களின் செலவைக் கேட்டறியும்போது, கடந்த 30 நாள்களில் என்ன வாங்கினீர்கள் என்று கேட்பது அதுவரை நெடுநாள் வழக்கமாக இருந்தது. 1999-2000-இல் நடந்த 55-ஆவது சுற்றில் வினாத்தாள் மாற்றப்பட்டது. உணவுப் பொருள்களுக்குக் கடந்த 7 நாள், கடந்த 30 நாள் என்ற இரு கேள்விகளும் ஒரே குடும்பத்திடம் அடுத்தடுத்த பத்திகளில் கேட்கப்பட்டன. துணி, கல்வி, நீண்டகாலம் உழைக்கும் பொருள்கள் போன்றவற்றுக்குக் கடந்த 365 நாள் என்ற கேள்வி மட்டுமே கேட்கப்பட்டது.

மனிதரின் நினைவு நாள்களைப் பொறுத்து வேறுபடும். நேற்று வாங்கிய பருப்பு நினைவிருக்கும். மூன்று வாரத்துக்கு முன் வாங்கியது விட்டுப்போகும். ஆகவே குறுகிய காலத்தைப் பற்றிக் கேட்டால், உணவுச் செலவு கணக்கில் கூடுதலாகவே வரும். இரண்டு கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்டபோது, சொல்பவரும் எழுதுபவரும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி விடைகளைச் சரிசெய்து கொள்ளும் வாய்ப்பு உண்டாயிற்று. 30 நாள் விடைகளையே எடுத்துக் கொண்டாலும் அவை பழைய 30 நாள் விடைகள் அல்ல. 1993-94-இல் 36 விழுக்காடாக இருந்த வறுமை 1999-2000-இல் 26.1 விழுக்காடாகக் குறைந்துவிட்டது என்று அரசின் கணக்கு சொன்னபோது, அதில் எவ்வளவு வறுமைக் குறைவு, எவ்வளவு வினாத்தாள் மாற்றம் என்று ஆண்டுக்கணக்கில் விவாதம் நடந்தது. வகுப்பறையில் நான் மிகுதியாகப் பயன்படுத்திய எடுத்துக்காட்டும் இதுவே.

அந்த விவாதத்திலிருந்து இரண்டு பாடங்கள் இன்றைக்கும் பயன்படும். முதலாவது, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டன் கையாண்ட வழி. எரிபொருள் போன்ற சில செலவினங்களுக்கு மட்டும் கேள்வி முன்போலவே 30 நாள் என்று மாறாமல் இருந்தது. மாறாத அந்தக் கேள்விகளை நங்கூரமாகப் பிடித்துக்கொண்டு, மாறியவற்றின் உண்மை நிலையை அவர் மதிப்பிட்டார். நம் அறக்கட்டளைக் கணக்கில் விருப்பங்களும் சந்தாதாரர் எண்ணிக்கையும் அத்தகைய நங்கூரங்கள்.

இரண்டாவது, திட்டக் குழு 2007-இல் வெளியிட்ட 2004-05 ஆண்டுக்கான வறுமைக் கணக்கு. ஒரே ஆண்டுக்கு இரண்டு எண்கள் தரப்பட்டன. எல்லாவற்றுக்கும் 30 நாள் கேள்வி என்ற முறையில் 27.5 விழுக்காடு, சில பொருள்களுக்கு 365 நாள் என்ற கலப்பு முறையில் 21.8 விழுக்காடு. அதோடு நிற்காமல், எதை எதனோடு ஒப்பிட வேண்டும் என்பதும் எழுதப்பட்டது. 27.5 என்ற எண் 1993-94-இன் 36 விழுக்காட்டோடு ஒப்பிடத்தக்கது, 21.8 என்ற எண் 1999-2000-இன் 26.1 விழுக்காட்டோடு ஏறத்தாழ ஒப்பிடத்தக்கது, ஆனால் முற்றிலும் அல்ல. ஒரு நல்ல குறிப்பின் இலக்கணம் இதில் முழுமையாக இருக்கிறது. படிப்பவர் தவறான இரண்டு எண்களைக் கையில் எடுப்பதற்கு முன்பே, சரியான இணை எது என்று அது சொல்லிவிடுகிறது.

முறிந்த தொடரை இணைக்க முடியுமா என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு மூன்று நிலைமைகள் உண்டு.

பழைய முறையிலான எண்ணிக்கை தொடர்ந்து கிடைக்கிறது என்பது முதல் நிலைமை. ஷார்ட்ஸ் விஷயத்தில் இதுதான் நிலைமை. இங்கே இணைக்க வேண்டிய தேவையே இல்லை. காலப்போக்கைப் பார்க்க மார்ச் வரை 'பார்வை', அதன்பின் 'ஈடுபாட்டுப் பார்வை' என்று ஒரே வரையறையில் கோட்டை வரைய வேண்டும். புதிய எண்ணைத் தனிக் கோடாகக் காட்டலாம்.

பழையதும் புதியதும் சில காலமாவது இணையாகக் கிடைத்து, பிறகு பழையது நின்றுபோவது இரண்டாவது நிலைமை. அப்போது இரண்டுக்கும் இடையிலான விகிதத்தைக் கண்டு, அதைக்கொண்டு பழைய எண்களை உயர்த்திப் புதிய தொடரோடு ஒட்டலாம். விலைக் குறியீட்டெண்களின் அடிப்படை ஆண்டு மாறும்போது நாங்கள் செய்வதும் இதுவே. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2020 தொடக்கத்தில் இதற்கு உதவும்படி ஒரு விளக்கம் தந்தது. அதுவரை ஒரு படத்தின் 70 விழுக்காட்டையாவது பார்த்தால்தான் பார்த்ததாகக் கணக்கு. அதன்பின் 2 நிமிடம் பார்த்தாலே போதும். புதிய எண் சராசரியாக 35 விழுக்காடு கூடுதலாக இருக்கும் என்று சொன்ன நிறுவனம், 'அவர் பிளானட்' தொடருக்குப் பழைய முறையில் 3.3 கோடிக் குடும்பங்கள், புதிய முறையில் 4.5 கோடி என்று இரண்டையும் காட்டியது.

ஆனால் ஒட்டுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. மாணவியின் எண்களையே எடுத்துக்கொள்வோம். ஏப்ரலில் புதிய எண்ணுக்கும் பழைய எண்ணுக்கும் உள்ள விகிதம் 1.40. இந்த விகிதத்தால் மார்ச் மாதத்தின் 2,06,000-ஐப் பெருக்கினால் 2,88,400 கிடைக்கிறது. அதிலிருந்து ஜூனின் 3,10,000-க்கு வந்தால் வளர்ச்சி 7.5 விழுக்காடு. பழைய முறையில் அதே காலத்தில் 3 விழுக்காடு வீழ்ச்சி என்று பார்த்தோம். ஏன் இந்த வேறுபாடு? விகிதம் நிலையாக இல்லை. மே மாதத்தில் 1.47, ஜூனில் 1.55 என்று அது மாறிக்கொண்டே வந்தது. ஏப்ரலில் ஓடத் தொடங்கிய நூற்றில் சுமார் 71 பழைய வரம்பைத் தாண்டின; ஜூனில் சுமார் 65 மட்டுமே தாண்டின. காணொலி அதிகம் பேர் திரையில் வந்து நிற்கிறது. ஆனால் தள்ளிவிட்டுப் போகிறவர்களின் பங்கு கூடிக்கொண்டு வருகிறது. ஒரு மாத விகிதத்தை நிலையானது என்று நம்பி ஒட்டினால், கவனிக்க வேண்டிய இந்தச் செய்தியே மறைந்துவிடும். வேறொருவரின் விகிதத்தை நம் கணக்குக்குக் கடன் வாங்குவது இன்னும் தவறு. ஒருவரின் காணொலியில் முதல் நொடியிலேயே ஆள் நழுவலாம். இன்னொருவரின் காணொலியில் அப்படியிருக்காது.

பழைய எண் அன்றோடு நின்று, இணையான காலமும் இல்லாதிருப்பது மூன்றாவது நிலைமை. அளவீட்டின் தன்மையே மாறிவிடுவதும் இதில் அடங்கும். நெட்ஃபிளிக்ஸ் 2023-இல் 'பார்வை' என்பதை, மொத்தமாகப் பார்க்கப்பட்ட மணி நேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்துவரும் எண் என்று மாற்றியது. 2 நிமிடம் பார்த்த குடும்பங்களின் எண்ணிக்கைக்கும் இதற்கும் நிலையான உறவு கிடையாது. இத்தகைய இடத்தில் ஒட்டாமல் விடுவதே நேர்மை. முறிவுக்கு முந்தியவற்றை அவற்றுக்குள்ளும், பிந்தியவற்றை அவற்றுக்குள்ளும் ஒப்பிட்டுக் கொள்ளலாம். குறுக்கே ஒப்பிடக் கூடாது. ஓராண்டு வளர்ச்சி விகிதம் வேண்டுமென்றால், முறிவிலிருந்து முழுமையாக ஓராண்டு கடக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அறிக்கையில் குறிப்பு எழுதும் முறையைப் பற்றி மாணவி விரிவாகக் கேட்டார். என் விடையை இங்கேயும் தருகிறேன். குறிப்பு ஐந்து கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். எந்த நாளில் மாறியது? முன்பு எப்படி எண்ணினார்கள், இப்போது எப்படி எண்ணுகிறார்கள்? எந்த அளவீடுகள் பாதிக்கப்பட்டன, எவை பாதிக்கப்படவில்லை? நம் கணக்கில் அதன் அளவு ஏறத்தாழ எவ்வளவு? எதை எதனோடு ஒப்பிடலாம், எதை ஒப்பிடக் கூடாது? அவரது அறிக்கைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய குறிப்பு இது:

"தொடர் முறிவு – 2025 மார்ச் 31. இந்நாள் முதல் ஷார்ட்ஸ் 'பார்வை' என்பது காணொலி ஓடத் தொடங்கும் ஒவ்வொரு முறையையும் குறிக்கும். முன்பு சில நொடிகள் ஓடினால் மட்டுமே எண்ணப்பட்டது. நூறு பார்வைக்கான விருப்ப விகிதமும் இதனால் பாதிக்கப்படுகிறது. நீண்ட காணொலிகள், விருப்பங்களின் எண்ணிக்கை, சந்தாதாரர் எண்ணிக்கை ஆகியவை பாதிக்கப்படவில்லை. நம் கணக்கில் புதிய எண் பழையதைவிட ஏப்ரலில் 40 விழுக்காடும், ஜூனில் 55 விழுக்காடும் கூடுதல். மார்ச்சுக்கு முந்திய பார்வையை ஈடுபாட்டுப் பார்வையோடு மட்டுமே ஒப்பிடவும்."

குறிப்பு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் விளக்கம் இல்லாததற்குச் சமம். வரைபடம் அறிக்கையிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டு வாட்ஸ்ஆப் வழியே தனியாகப் பயணம் செய்யும். ஆகவே வரைபடத்தின் மீதே, மாற்றம் நிகழ்ந்த நாளில் செங்குத்தாக ஒரு புள்ளிக் கோடு வரைந்து, பக்கத்தில் நாலு சொல் எழுத வேண்டும். அந்த இடத்தில் தொடரின் கோட்டை இணைக்காமல் வெட்டிவிட வேண்டும். இணைந்த கோடு கண்ணுக்கு வளர்ச்சியாகவே தெரியும். கீழே எத்தனை குறிப்பு எழுதினாலும் கண் கோட்டைத்தான் நம்பும். அட்டவணையானால் எண்ணின் பக்கத்திலேயே ஓர் அடையாளம் இட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அமைப்பான யூரோஸ்டாட், தொடர் முறிந்த எண்ணின் அருகில் b என்ற எழுத்தை இடுகிறது. எளிய வழக்கம், எண்ணை நகல் எடுப்பவர் கண்ணில் அது தப்பாமல் படும்.

முறிவைக் கடந்து செல்லும் விழுக்காட்டைக் கணக்கிட்டு எழுதவே கூடாது என்றும் அவரிடம் சொன்னேன். '50 விழுக்காடு வளர்ச்சி' என்று எழுதிவிட்டு, 'வரையறை மாறியதும் இதற்கு ஒரு காரணம்' என்று சேர்ப்பது போதாது. கேட்பவர் நினைவில் எண் நிற்கும், காரணம் உதிர்ந்துவிடும். அந்தக் கட்டத்தில் 'ஒப்பிட இயலாது' என்று எழுதுவதே முறை.

எல்லாக் குறிப்புகளையும் ஒரு தனிப் பதிவேட்டில் நாள் வாரியாக எழுதி வைப்பது நல்லது. தளத்தின் அறிவிப்பு கண்ணில் பட்ட அன்றே எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்து அறிக்கை எழுதுபவர் வேறொருவராக இருக்கலாம். அதோடு, ஒவ்வொரு மாத இறுதியிலும் திரையில் தெரியும் எண்களைத் தனியே சேமித்து வைக்க வேண்டும். சில தளங்கள் பழைய எண்களையும் புதிய வரையறைக்கு ஏற்பத் திருத்திவிடுவது உண்டு. நம்மிடம் நகல் இருந்தால்தான் அந்தத் திருத்தம் நமக்குத் தெரியவரும்.

ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். காணொலியின் கீழே பொதுமக்கள் பார்க்கும் மொத்த எண்ணிக்கையை இவ்வாறு பிரித்துக் காட்ட வெளியாரால் முடியாது. 2024-இல் வெளியாகி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் குறுங்காணொலியின் மொத்தம், பெரிய மரக்காலும் சிறிய மரக்காலும் கலந்து அளந்த குவியல். ஈடுபாட்டுப் பார்வையைக் காணொலியின் உரிமையாளர் மட்டுமே காண முடியும். எனவே "பத்து லட்சம் பார்வை" என்று ஒருவர் தம் செல்வாக்கைக் காட்டி விளம்பரமோ நிதியோ கேட்டால், எந்த வரையறையில் என்று கேட்பதும், பகுப்பாய்வுப் பக்கத்தின் எண்ணைக் காட்டச் சொல்வதும் தவறில்லை.

புதிய எண்ணைப் பயனற்றது என்று ஒதுக்கவும் வேண்டியதில்லை. எத்தனை பேர் திரையில் நம் காணொலி வந்து நின்றது என்பதை அது சொல்கிறது. எத்தனை பேர் நின்று பார்த்தார்கள் என்பதைப் பழைய எண் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்ததால்தான், புதிர்களைத் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் கூடுகிறார்கள் என்பது அந்த அறக்கட்டளைக்குத் தெரிந்தது.

திருத்திய வரைபடத்தோடு மாணவி அறங்காவலர் கூட்டத்துக்குச் சென்றார். வெட்டப்பட்ட கோட்டைப் பார்த்த ஒருவர், "இது எப்படி உடைந்தது?" என்று முதல் கேள்வியாகக் கேட்டாராம். விளக்கம் சொல்ல அவருக்கு இரண்டு நிமிடம் போதுமானதாக இருந்தது. வாரப் பாடத்தை நிறுத்துவது பற்றிய தீர்மானம் ஓராண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. வரும் ஏப்ரலில் புதிய முறையிலேயே ஓராண்டு எண்கள் முழுமையாகக் கிடைத்துவிடும். அவற்றைக் கொண்டு முடிவு செய்யலாம் என்று கூட்டக் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். அந்த ஓராண்டில் பாடங்கள் நிறுத்தப்படவும் கூடும், தொடரவும் கூடும். எதுவானாலும், அந்த முடிவு ஒரே மரக்காலால் அளந்த நெல்லைப் பார்த்து எடுக்கப்பட்டதாக இருக்கும்.